"எங்களுக்குக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ"

முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து விலைக்கழிவு கேட்டால் 'இல்லை' என்று சொல்வதில் பெரிய சங்கடம் ஏதும் கிடையாது. எட்டு வருடமாக வந்துபோகும் ஒருவர், பெரியதொரு ஓடரைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்குக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ" என்று கேட்கும்போதுதான் எம்மவர்களுக்கு நா எழுவதில்லை. ஓம் என்றால் கையைக் கடிக்கும். இல்லை என்றால் முகம் முறிந்துவிடுமோ என்ற பயம். புதிதாகக் கடை போட்டவர்களும், போட எண்ணியிருப்பவர்களும் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ஆகவே இம்முறை இதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் திருநெல்வேலிச் சந்தையில் நாம் பேரம் பேசி வளர்ந்தவர்கள். அங்கே வியாபாரி கத்தரிக்காய்க்குச் சொல்லும் முதல் விலையிலேயே குறைப்பதற்கான இடத்தையும் வைத்துத்தான் சொல்லுவார். கேட்பது வாங்குபவரின் உரிமை, குறைப்பது விற்பவரின் மரியாதை. இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் இங்கே நாம் விலையை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அந்த விலையில் குறைப்பதற்கென்று இடம் வைக்கவில்லை. வாங்குபவர் ஊர்ப் பழக்கத்தில் கேட்கிறார், விற்பவர் இந்த நாட்டுக் கணக்கில் நிற்கிறார். கேட்பவர் எம்மை ஏமாற்ற வரவில்லை என்பதை இதனால் அறியலாம். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. கோபம் இல்லாமல் சொல்லும் 'இல்லை'க்கு ஒரு தன்மை இருக்கிறது. அது முகத்தில் தெரியும்.

இனி ஓர் உதாரணத்தை எடுப்போம். விளங்குவதற்கு இலகுவாக எண்களை முழு எண்களாக வைத்துக்கொள்கிறோம். ஸ்காபரோவில் கணவனும் மனைவியுமாக நடத்தும் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. அங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, சராசரியாக 40 டொலருக்கு இடியப்பமும் கறியும் எடுத்துச் செல்லும் ஓர் அக்கா. வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 டொலர் வியாபாரம். இப்போது அவரின் மகளுக்குச் சாமத்தியவீடு. 150 பேருக்கு மதியச் சாப்பாடு வேண்டும். ஆட்டிறைச்சிக் கறியோடு ஓராளுக்கு 12 டொலர் என்பது கடையின் விலை. மொத்தம் 1,800 டொலர். "எட்டு வருஷமா உங்களிட்டைத்தானே எடுக்கிறம், 15 வீதம் குறைச்சுப் போடுங்கோ" என்கிறார் அக்கா. 15 வீதம் என்றால் 270 டொலர்.

அக்காவின் கண்ணில் 1,800 டொலர் என்பது பெரிய காசு. அதிலே 270 குறைத்தால் கடைக்கு இன்னும் 1,530 இருக்கிறதே என்று அவர் நினைப்பது இயல்பு. கடையின் பக்கத்துக் கணக்கு வேறு. அரிசி, இறைச்சி, மரக்கறி, எண்ணெய், தூள் எல்லாம் சேர்த்து ஓராளுக்கு 4 டொலர் 80 சதம். 150 பேருக்கு 720 டொலர். உதவிக்கு இரண்டு பேரை 12 மணித்தியாலம் வைத்தால், மணிக்கு 18 டொலர் வீதம் 432 டொலர். தட்டுப் பெட்டிகள், காஸ், மண்டபத்துக்குக் கொண்டுபோகும் வாகனச் செலவு 168 டொலர். வாடகை, மின்சாரம், காப்புறுதி ஆகியவற்றில் இந்த ஓடருக்குரிய பங்கு 240 டொலர். எல்லாம் சேர்த்து 1,560 டொலர். மிஞ்சுவது 240 டொலர். கணவனும் மனைவியும் வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் வரை நிற்பதற்கான கூலியும் இலாபமும் இந்த 240 டொலர்தான்.

அக்கா கேட்ட 270 டொலரைக் கொடுத்தால் என்ன நடக்கும்? இருவரும் நித்திரை முழித்துச் சமைத்துவிட்டு, 30 டொலரைத் தங்கள் பையிலிருந்தும் போடவேண்டும். "சரி, 15 வேண்டாம், பத்து வீதம் தாறன்" என்று இறங்கினாலும் 180 டொலர் போய்விடும். மிஞ்சுவது 60 டொலர். கழிவு கணக்கிடப்படுவது முழு விலையில். அது கழியும் இடமோ கடைக்காரரின் மிச்சத்தில். அரிசி விற்றவரும் வீட்டுக்காரரும் தங்கள் பங்கில் ஒரு சதமும் குறைக்கப் போவதில்லை.

இந்தக் கணக்கை ஓடர் வருவதற்கு முன்னமே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்க வேண்டும். 50 பேருக்கு எவ்வளவு, 100 பேருக்கு எவ்வளவு, 150 பேருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்தவருக்குத்தான் தயங்காமல் பதில் சொல்ல வரும். தெரியாதவர் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று மனக்கணக்குப் பார்ப்பார். அந்தத் தயக்கத்தைக் கண்டதும் கேட்பவர் இன்னும் கேட்பார். அது அவரின் குற்றமில்லை.

இப்போது எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். எம்மவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: "பார்ப்பம்." சொல்லுகிறவரின் மனதில் அது 'இல்லை'. கேட்கிறவரின் காதில் அது பாதி 'ஓம்'. அக்கா வீட்டுக்குப் போய், "கடையில கதைச்சிட்டன், குறைச்சுத் தருவினம்" என்று சொல்லிவிடுவார். விழா முடிந்து காசு கொடுக்கும் நாளில் 1,530 டொலரோடு வந்து நிற்பார். அன்றைக்கு 'இல்லை' என்றால் அது ஏமாற்றியதாகவே படும். முதல் நாளே சொல்லியிருந்தால் சில நிமிடச் சங்கடத்தோடு போயிருக்கும். எட்டு வருட உறவு முறிவதென்றால் பெரும்பாலும் இப்படி இழுத்தடித்த 'இல்லை'யால்தான் முறியும்.

ஆகவே பதில் அதே இடத்தில், அதே நேரத்தில் வரவேண்டும். மனைவி இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, பிள்ளையின்ரை விசேஷத்துக்கு எங்களை நம்பிக் கேட்டது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் விலை ஓராளுக்கு 12 டொலர்தான். அது எல்லாருக்கும் ஒரே விலை. என்னால குறைக்கேலாது அக்கா."

இவ்வளவுதான். இதற்குப் பிறகு சற்று மௌனமாக இருக்கவேண்டும். பலர் இந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் காரணம் சொல்லத் தொடங்குகிறார்கள். "இறைச்சி விலை ஏறிப்போச்சு, வாடகையும் கூட்டிப்போட்டான்" என்று தொடங்கினால், "அங்கை மார்க்கம் ரோட்டில இறைச்சி மலிவாக் கிடக்காம், நான் வாங்கித் தரட்டோ?" என்று பதில் வரும். அதற்கு ஒரு பதில், பிறகு இன்னொரு கேள்வி. காரணம் ஒவ்வொன்றும் பேரத்துக்குத் திறந்துவிடும் கதவு. "எல்லாருக்கும் ஒரே விலை" என்பது மட்டும் எவரையும் புண்படுத்தாத காரணம். அதோடு அது உண்மையாகவும் இருக்கவேண்டும்.

ஏன் உண்மையாக இருக்கவேண்டும் என்றால், எமது சமூகம் மண்டபங்களில் கூடும் சமூகம். "உங்களுக்கு மட்டும், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று 10 வீதம் குறைத்துக் கொடுத்தால், அந்தச் சாமத்தியவீட்டிலேயே அது நான்கு மேசைகளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் அக்காவின் மச்சாள் கலியாணத்துக்கு வந்து அதே விலையைக் கேட்பார். அவருக்கு இல்லை என்றால், "அவளுக்குக் குடுத்தவை, எனக்கு இல்லையாம்" என்று அங்கே ஒரு மனத்தாங்கல். முன்பு முழு விலை கொடுத்தவர்களும் தாங்கள் ஏமாந்ததாக எண்ணுவார்கள். ஒருவரின் மனத்தைக் குளிர்விக்கப் போய்ப் பத்துப் பேரின் மனத்தைக் கெடுப்பதாக அது முடியும்.

கணவன் மனைவியாகக் கடை நடத்துவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மனைவி இல்லை என்றதும், "அண்ணை எங்கை? அண்ணை ஓமெண்டுவார்" என்று உள்ளே எட்டிப் பார்ப்பது எம்மவர் வழக்கம். அண்ணை இரக்கப்பட்டு ஓம் என்றால் காசும் மனைவியின் சொல்லுக்கு இருந்த மதிப்பும் சேர்ந்தே போய்விடும். அதன்பின் அந்த வாடிக்கையாளர் விலை பேச வேண்டுமென்றால் அண்ணை நிற்கும் நேரம் பார்த்துத்தான் வருவார். ஆகவே இருவரும் ஒரே பதிலைச் சொல்வதென்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அண்ணை வந்து, "தங்கச்சி, அவ சொன்னதுதான் விலை" என்று சிரித்தபடி சொன்னால் போதும்.

விலை குறையாது என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும்: "அக்கா, சாப்பாட்டுக்கு எவ்வளவுக்குள்ள முடிக்க நினைச்சிருக்கிறியள்?" இதற்கு வரும் பதிலில் அவர் ஏன் கழிவு கேட்டார் என்பது தெரிந்துவிடும்.

சிலர், "இல்லை, சும்மா கேட்டுப் பார்த்தனான்" என்று சிரிப்பார்கள். அவர்கள் ஊர்ப் பழக்கத்தில் கேட்டவர்கள். அவர்களோடு விடயம் அங்கேயே முடிந்தது. மேலே ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை.

சிலர், "1,600க்கு மேல எங்களுக்கு ஏலாது தம்பி. மண்டபத்துக்கும் படத்துக்கும் குடுக்கவேணும்" என்பார்கள். இவர்களுக்கு உண்மையாகவே கை இறுக்கம். இங்கே குறைக்க வேண்டியது விலையை அல்ல, சாப்பாட்டை. ஆட்டிறைச்சிக்குப் பதிலாகக் கோழி வைத்தால் ஓராளுக்கு 1 டொலர் 20 சதம் செலவு குறைகிறது என்று வைப்போம். பொரித்த கறி ஒன்றை விட்டால் இன்னும் 30 சதம். ஓராளுக்கு 10 டொலர் 50 சதத்துக்குக் கொடுக்கலாம். மொத்தம் 1,575 டொலர். அக்காவுக்கு 225 டொலர் மிச்சம். கடைக்கும் செலவில் அதே 225 டொலர் குறைந்துவிட்டதால், மிஞ்சும் 240 அப்படியே இருக்கிறது. அக்கா தன் கைக்கு ஏற்றதைத் தெரிவு செய்தார், கடை தன் விலையில் நின்றது. இதில் ஒருவரும் தோற்கவில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. எடுத்துவிடும் பொருளால் கடையின் செலவு உண்மையாகக் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். ஆட்களின் தொகையை 150 இலிருந்து 130 ஆகக் குறைத்தால் அக்காவுக்கு 240 டொலர் மிஞ்சும். கடைக்கோ 20 பேரின் சாமான், 96 டொலர் மட்டுமே குறையும். உதவியாளர் கூலியும் வாகனமும் வாடகையும் அப்படியே நிற்கும். உண்மையில் 130 பேர்தான் வருவார்கள் என்றால் அது வேறு. அப்போது 130 பேருக்கே எடுக்கட்டும். காசைக் குறைப்பதற்காக மட்டும் அந்த வழியை நாமே சொல்லிக் கொடுக்கக் கூடாது. பிறகு மண்டபத்தில் சாப்பாடு காணாமல் போனால் பழி கடைக்குத்தான் வரும்.

மூன்றாவது வகையினர் வேறு விதமாகப் பதில் சொல்லுவார்கள்: "போன முறை பிறந்தநாளுக்கு நீங்கள் முக்கால் மணித்தியாலம் பிந்தித்தானே கொண்டு வந்தனீங்கள்?" இது கழிவு கேட்பதல்ல, மனக்குறை சொல்வது. இதற்கு "எல்லாருக்கும் ஒரே விலை" என்று பதில் சொன்னால் அவர் மறுபடி வரமாட்டார். நடந்ததை விசாரித்து, பிழை கடையினதென்றால் வருத்தம் தெரிவித்து, அந்தப் பழைய ஓடருக்குரிய பரிகாரத்தைத் தனியாகச் செய்யவேண்டும். புதிய ஓடரின் விலையோடு அதைக் கலக்கக் கூடாது. கலந்தால் குறைத்த விலைதான் நினைவில் நிற்கும், எதற்காகக் குறைத்தோம் என்பது மறந்துவிடும்.

இனி வரி. கழிவு கிடைக்காது என்று கண்டதும், "அப்ப பில் போடாதேங்கோ, காசாத் தாறன், வரியை விடுங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்ராறியோவில் இப்படியான சமைத்த சாப்பாட்டுக்கு விற்பனை வரி 13 வீதம். 1,800 டொலருக்கு 234 டொலர். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் 30,000 டொலருக்கு மேல் விற்பனை செய்யும் கடை வரிக்குப் பதிந்திருக்க வேண்டும். பதிந்த கடை அந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்டாலும், அரசுக்குக் கட்டும் பொறுப்பு கடையுடையதுதான். கணக்குப் பார்க்க வரும்போது 234 டொலரை உங்கள் 240 டொலரிலிருந்து கட்டினால் மிஞ்சுவது 6 டொலர். அதற்கு மேல் வட்டியும் தண்டமும் வேறு. இதற்குப் பதில் மிகச் சுருக்கமானது: "அக்கா, அது என்ரை காசில்லை. என்னால விடேலாது." பெரும்பாலானோர் இதை ஒரு முறை கேட்டதும் விளங்கிக்கொள்வார்கள்.

நல்லெண்ணத்தை எப்படிக் காப்பது என்பதுதான் மீதி. இல்லை என்று சொன்ன பிறகு கடைக்காரர் செய்யக்கூடியது விலைக்கு வெளியே நிறைய உண்டு. விழா நாளில் அரைமணி முன்னதாகவே சாப்பாட்டைக் கொண்டுபோய் இறக்கலாம். பிள்ளைக்கென்று ஒரு தட்டுக் கேசரியோ பயற்றம் பணியாரமோ வைத்துக் கொடுக்கலாம். 20 டொலர்ச் செலவு. ஆனால் அது பிள்ளைக்குக் கொடுத்த அன்பளிப்பு. ஒரேயொரு நிபந்தனை, அதை விலை பேசும்போது வாய் திறந்து சொல்லக் கூடாது. "விலை குறைக்கேலாது, ஆனால் ஒரு தட்டுப் பலகாரம் சும்மா தாறன்" என்று சொன்ன மறு கணமே அது பேரத்தின் ஒரு பகுதியாகிவிடும். "அப்ப இரண்டு தட்டாத் தாங்கோ" என்று வரும். கேட்காமல், சொல்லாமல் கொடுப்பதுதான் அன்பளிப்பு.

கை இறுகியிருப்பவருக்கு இன்னொன்றும் செய்யலாம். விலையைக் குறைக்காமல் காலத்தைக் கொடுப்பது. பாதிக் காசு முன்பணமாக, மீதியில் பாதி விழா நாளில், எஞ்சியது ஒரு மாதத்துக்குள் என்று திகதி போட்டு இருவரும் ஒப்பமிட்ட துண்டு ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம். சாமான் செலவையும் கூலியையும் முன்பணமும் இரண்டாம் தவணையும் மூடிவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்படி ஓடரில் முன்பணம் 900, விழா நாளில் 450. ஆகவே 1,350 டொலர் கைக்கு வந்துவிடும். சாமான், கூலி, வாகனம் எல்லாம் சேர்ந்த 1,320 டொலரும் அதில் அடங்கிவிடுகிறது. வரிப் பணத்தை முன்பணத்தோடேயே வாங்கித் தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு அக்கா, "நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்று போய்விட்டால்? போகட்டும். பின்னாலே ஓடிப்போய், "சரி அக்கா, நூறு டொலர் குறைக்கிறன்" என்று சொல்லுவதுதான் செய்யக் கூடாத காரியம். முதலில் சொன்ன 'இல்லை' பொய் என்று நாமே காட்டிக்கொடுப்பதாகிவிடும். அதற்குப் பிறகு அவர் எந்த விலையையும் நம்பமாட்டார். அந்த ஓடரை வேறொருவரிடம் கொடுத்தாலும், சனிக்கிழமை இடியப்பம் எடுக்க வந்தால் எட்டு வருடமாக வரவேற்ற அதே முகத்தோடு வரவேற்கவேண்டும். விலைப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. "விசேஷம் எப்பிடி அக்கா நடந்தது? பிள்ளை சுகமோ?" என்று கேட்டால் போதும். இரண்டு மூன்று சனிக்கிழமை தொடர்ந்து ஆளைக் காணவில்லையென்றால், சுகம் விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பதில் தவறில்லை.

அவர் எட்டு வருடம் வந்தது கழிவுக்காக அல்ல என்பதை நினைவில் வைத்திருங்கள். அந்த எட்டு வருடமும் அவருக்கு எவரும் கழிவு கொடுக்கவில்லை. இடியப்பம் பதமாக இருந்தது, கடை பக்கத்தில் இருந்தது, சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு தயாராக இருந்தது. அதனால் வந்தார். அந்தக் காரணங்கள் அப்படியே இருக்கும்வரை, மரியாதையோடு சொன்ன ஒரு 'இல்லை'க்காக அவர் சனிக்கிழமைச் சாப்பாட்டை விடப்போவதில்லை.

முன்பணம் வாங்குவது, ஓடர் இரத்தானால் அதை என்ன செய்வது என்பன பற்றி அடுத்த இதழில் எழுதுவோம். அதற்கிடையில் உங்கள் கடையில் பெரிய ஓடர் ஒன்றில் உண்மையாக எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்.